சமாதானபுரம் பாளையங்கோட்டையில்தானே இருக்கு? விடைக்குறிப்பு தப்பா, நான் தப்பா?

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 14, இரவு 10:20

மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கோச்சிங் சென்டரில் ஊர்ப் பெயரெல்லாம் போட்டு ஒரு மாதிரித் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை என் கடையில்தான் எண்பது பிரதி எடுத்தேன். எடுக்கும்போது கண்ணில் பட்ட கேள்வி இது:

பாளையங்கோட்டைக்காரர்கள் அனைவரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள்.
சமாதானபுரத்துக்காரர்கள் அனைவரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள்.
ஆகவே, சமாதானபுரத்துக்காரர்கள் அனைவரும் பாளையங்கோட்டைக்காரர்கள்.

முடிவு சரியா, தப்பா? "சரி" என்று நான் டிக் அடித்தேன். மகள் "வராது" என்றாள். விடைக்குறிப்பும் "முடிவு பின்தொடராது" என்கிறது. எனக்குப் புரியவில்லை. பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து சமாதானபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். முதல் வரி உண்மை, இரண்டாவது வரி உண்மை, மூன்றாவதும் உண்மை. மூன்றும் உண்மையாக இருக்கும்போது எது தப்பு? அச்சுப்பிழை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லவும்.

வடக்கு ரத வீதி | ஜூன் 14, இரவு 11:05

அண்ணாச்சி, கீ சரிதான். நான் இரண்டு தடவை பிரிலிம்ஸ் பாஸ் பண்ணினவன். குறுக்குவழி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வரிக்கும் வால் ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு "வராது" என்று போடலாம். இங்கே இரண்டுக்கும் வால் "மாவட்டத்துக்காரர்கள்". முடிந்தது.

சந்தேகமிருந்தால் சமாதானபுரத்தை எடுத்துவிட்டு சங்கரன்கோவிலைப் போட்டுப் பாருங்கள். சங்கரன்கோவில்காரர்கள் எல்லாரும் பாளையங்கோட்டைக்காரர்களா?

கால்வாய்க்கரை | ஜூன் 15, காலை 6:12

தம்பி எந்தக் காலத்தில் இருக்கிறார்? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவில் அங்கே போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது சங்கரன்கோவில்காரன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரனே கிடையாது. உதாரணமே தப்பு.

அப்புறம் சமாதானபுரம் பற்றிப் பேச வந்ததால் கேட்கிறேன், அந்தப் பக்கம் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறதே, அதை யாராவது எழுதினீர்களா? எந்த ஊர் எந்த ஊருக்குள் வருகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மாநகராட்சி வரைபடம். வங்கித் தேர்வில் வந்து என்ன செய்கிறது அது?

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 15, காலை 9:30

நான் கேட்டது வேறு, கால்வாய்க்கரை அண்ணாச்சி பதில் சொன்னது வேறு. ஆனாலும் சங்கரன்கோவில் விஷயத்தில் அவர் சொல்வது சரி.

சங்கரன்கோவிலை விடுங்கள். வேறு ஊரைப் போட்டால் முடிவு தப்பாகும், அதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். என் கேள்வி சமாதானபுரத்தைப் பற்றி. இங்கே முடிவு உண்மை. உண்மையை எப்படி "வராது" என்று சொல்லலாம்?

பேட்டை டீச்சர் | ஜூன் 15, மாலை 4:48

தம்பி, நான் கல்லூரியில் தர்க்கம் எடுத்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியைத் தயாரித்தவர் வேண்டுமென்றேதான் உண்மையான முடிவை வைத்திருக்கிறார். பொறி அதுதான்.

கேள்வி "சமாதானபுரம் எங்கே இருக்கிறது" என்பதில்லை. "மேலே உள்ள இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதைச் சொல்ல முடியுமா" என்பது. நீங்கள் மூன்றாவது வரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? நடந்து போன வழியிலிருந்து எடுத்தீர்கள். இந்த ஊரையே பார்க்காத ஒருவர், சென்னைக்காரர் என்று வையுங்களேன், அந்த இரண்டு வரியை மட்டும் படித்தால் என்ன சொல்வார்? இரண்டும் ஒரே மாவட்டம் என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது.

ஊரை மாற்றிப் பார்ப்பதும் சும்மா விளையாட்டுக்கு இல்லை. வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுகிறோம். அம்பாசமுத்திரம் போடுங்கள். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எல்லாரும் இந்த மாவட்டத்துக்காரர்கள், உண்மை. பாளைக்காரர்களும் அப்படியே, உண்மை. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எல்லாரும் பாளைக்காரர்கள், பொய். உண்மையான இரண்டு வரியை உள்ளே போட்டுப் பொய்யை வெளியே எடுக்கும் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறதென்றால், அது சில நேரம் உண்மையை எடுத்துக் கொடுத்தாலும் நம்ப முடியாது. நின்றுபோன கடிகாரமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியாகக் காட்டும்.

கால்வாய்க்கரைக்காரர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் நல்ல காரியம் செய்தார். இப்படிச் சோதிக்கும்போது மேலே உள்ள இரண்டு வரியும் உண்மையாக இருந்தே ஆகவேண்டும். சங்கரன்கோவில் போட்டால் ஒரு வரி பொய்யாகிவிடும். பொய்யைப் போட்டால் பொய் வருவது எந்த எலும்புக்கூட்டிலும் நடக்கும், அது எதையும் நிரூபிக்காது.

கால்வாய்க்கரை | ஜூன் 15, மாலை 5:01

நன்றி டீச்சர். தண்ணீர் தேங்குவதற்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 16, இரவு 9:15

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் டீச்சர் எழுதியதை மூன்று தடவை படித்தேன். "நம்ப முடியாது" என்பது புரிகிறது. ஏன் நம்ப முடியாது என்பதுதான் பிடிபடவில்லை. அப்போது ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போயிருந்தேன். மச்சானும் வருவதாகச் சொல்லியிருந்தார். காலை ஏழு மணிக்குப் போன் செய்தேன். "எங்க இருக்கிய?" என்றேன். "ஆத்தங்கரையிலதான் நிக்கேன்" என்றார். "நானும் ஆத்தங்கரையிலதான் நிக்கேன்" என்றேன். "சரி, அப்பம் வந்துட்டியளா, நல்லதாப் போச்சு" என்று வைத்துவிட்டார். கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். திருப்பிக் கூப்பிட்டால் அதே பதில், ஆத்தங்கரை. கடைசியில் பார்த்தால் அவர் நிற்பது குறுக்குத்துறையில், முருகன் கோயில் பக்கம். நான் பாபநாசத்தில். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தாமிரபரணி பொதிகையில் ஆரம்பித்துப் புன்னைக்காயலில் கடலில் சேருகிறவரை அதன் கரை ஆத்தங்கரைதான்.

எங்கள் இருவரையும் சேர்த்த சொல் "ஆத்தங்கரை". அவர் பிடித்தது அதில் ஒரு துண்டு, நான் பிடித்தது இன்னொரு துண்டு. இரண்டும் ஒரே துண்டு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம். பாளை, சமாதானபுரம், மாவட்டம் கதையும் இதுதானா டீச்சர்?

பேட்டை டீச்சர் | ஜூன் 16, இரவு 10:02

இதேதான் தம்பி. முப்பது வருஷம் வட்டம் வட்டமாகப் போட்டுப் பாடம் எடுத்தேன், இந்த ஆத்தங்கரை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வரியிலும் வந்து முடிவில் காணாமல் போகிற சொல்லை நடுப்பதம் என்போம். இங்கே அது "மாவட்டத்துக்காரர்". "பாளைக்காரர்கள் எல்லாரும் மாவட்டத்துக்காரர்கள்" என்னும்போது பாளைக்காரர்களில் ஒருவரையும் விடாமல் பேசிவிட்டோம். மாவட்டத்துக்காரர்கள் எல்லாரைப் பற்றியும் பேசினோமா? இல்லை. அதில் ஒரு துண்டு மட்டும். "எல்லாரும்" என்ற சொல் தனக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தைத்தான் முழுசாகப் பிடிக்கும், வரியின் மறுமுனையை அது தொடாது. பலர் சறுக்குவது இங்கேதான். வரியில் "எல்லாரும்" என்று பார்த்தவுடன் வரி முழுக்கவும் எல்லாரும் என்று மனசு படித்துவிடும்.

வடக்கு ரத வீதி | ஜூன் 17, காலை 8:20

அப்போ என் குறுக்குவழி சரிதானே டீச்சர்? நடுப்பதம் இரண்டு வரியிலும் முழுசாகப் பிடிபட வேண்டும். இல்லையென்றால் "வராது".

பேட்டை டீச்சர் | ஜூன் 17, காலை 11:40

பாதி சரி. ஒரு வரியில் முழுசாகப் பிடிபட்டால் போதும். ஆத்தங்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இவருடைய மச்சான் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஒரு படித்துறை விடாமல் தன் ஆட்களை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவர் கரையில் எந்த மூலையில் நின்றாலும் மச்சான் ஆள் ஒருவரைப் பார்த்தே ஆகவேண்டும். ஒருத்தர் கரை முழுவதையும் பிடித்தால் போதும், மற்றவர் ஒரு துண்டைப் பிடித்தாலும் சந்திப்பு நிச்சயம்.

உங்கள் குறுக்குவழியில் இன்னொரு ஓட்டை. "வால் ஒன்றாக இருந்தால் வராது" என்றீர்கள். இதைப் பாருங்கள்: பாளைக்காரர்கள் எல்லாரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். சங்கரன்கோவில்காரர்கள் யாருமே திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் இல்லை. ஆகவே சங்கரன்கோவில்காரர்கள் யாரும் பாளைக்காரர்கள் இல்லை. வால் ஒன்றுதான், ஆனால் முடிவு கெட்டியாக வருகிறது. ஏனென்றால் "என் ஆள் யாரும் ஆத்தங்கரையில் இல்லை" என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமென்றால் கரை முழுவதையும் ஒரு நோட்டம் விட்டுத்தான் சொல்ல முடியும். "இல்லை" என்ற சொல் மறுமுனையையும் முழுசாகப் பிடித்துவிடும். வால் ஒன்றாக இருக்கும்போது ஒரே ஒரு வரி மட்டும் "இல்லை" என்று முடிகிறதா என்று பாருங்கள். குறுக்குவழி வேண்டுமென்றால் அதை எழுதி வையுங்கள்.

வடக்கு ரத வீதி | ஜூன் 17, மதியம் 12:15

இதனால்தான் மெயின்ஸில் போச்சா...

பத்தமடை பேரன் | ஜூன் 18, இரவு 8:33

இதைப் படித்ததும் எனக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றியது. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சி. ஒரு கடையில் "பத்தமடைப் பாய்" என்று பலகை. விலை நம்ம ஊரில் நல்ல பாய்க்குக் கேட்கிற விலை. பாயைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, இது அது இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கோபமே படாமல், "சார், பத்தமடைப் பாய் எல்லாம் கோரையில நெய்யுறது. இதுவும் அசல் கோரை, மோந்து பாருங்க" என்றார்.

மோந்து பார்த்தேன், கோரைதான். ஆனால் முசிறிப் பக்கம் நெய்கிற பாயும் கோரைதானே. எங்கள் ஆச்சி நெய்தவர். கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்குவார். பட்டுப்பாய்க்கு எவ்வளவு மெல்லிசாகக் கீறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பாயை மடித்தால் துணி மாதிரி மடங்கும். கண்காட்சிப் பாயை மடிக்கப் போனேன், கடைக்காரர் "ஒடிஞ்சிரும் சார், சுருட்டுங்க" என்றார். அவரே சாட்சி சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டேன். இப்போது தெரிகிறது, அவருடைய ஆத்தங்கரை கோரை.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 18, இரவு 10:50

அருமை. இதிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. கடைக்காரர் சொன்னதைக் கெட்டியாக்க எந்த வரி குறைகிறது என்று தேடினேன். "கோரைப்பாய் எல்லாம் பத்தமடைப் பாய்" என்ற வரி இருந்தால் அவர் சொன்னது நிற்கும். அதாவது அவர் சொன்ன முதல் வரியின் தலையையும் காலையும் மாற்றிப்போட்ட வரி. அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. மனசுக்குள் இருக்கும்வரை சிரிப்பு வரவில்லை. சமாதானபுரத்திலும் அப்படித்தான்: "மாவட்டத்துக்காரர் எல்லாரும் பாளைக்காரர்" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அம்பாசமுத்திரத்துக்காரன் அடிக்க வருவான்.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 19, காலை 7:05

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம். தலையையும் காலையும் மாற்றிப்போட்டால் எப்போதும் தப்பு என்று தொனிக்கும்படி எழுதிவிட்டேன். சில நேரம் அந்தத் திருப்பிப்போட்ட வரியும் உண்மையாக இருக்கும், நம் பேச்சிலேயே அது ஒளிந்திருக்கும். இரவு படுத்தபின் "தான்" பற்றி யோசித்துத் தூக்கம் போனது.

பத்தமடையில் பட்டுப்பாய்தான் நெய்கிறார்கள்.
பத்தமடையில்தான் பட்டுப்பாய் நெய்கிறார்கள்.

"தான்" ஒரு அடி நகர்ந்ததும் பிடி மாறிவிட்டது. முதல் வரி பத்தமடையில் நெய்கிறதையெல்லாம் பிடிக்கிறது, அங்கே நெய்வது எல்லாம் பட்டுப்பாய் என்கிறது. இரண்டாவது வரி பட்டுப்பாய்களையெல்லாம் பிடிக்கிறது, எங்கே பார்த்தாலும் பட்டுப்பாய் என்றால் அது பத்தமடையில் நெய்தது என்கிறது. (முதல் வரி உண்மையில்லை, அங்கே சாதாரணப் பாயும் நெய்கிறார்கள். உதாரணத்துக்குச் சொன்னேன், பேரன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) கையில் இருக்கிறது பட்டுப்பாய் என்று தெரிந்தால், இரண்டாவது வரியை நம்புகிறவர் "பத்தமடையில் நெய்தது" என்று தாராளமாகச் சொல்லலாம். முதல் வரியை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் நானும் மச்சானும் ஆத்தங்கரையில் நின்ற கதை.

"மட்டும்" போட்டாலும் இப்படியே. மகளிடம் சொன்னேன். "அப்பா, இது எங்க நோட்ஸ்லயே இருக்கு" என்றாள். ஒரு ராத்திரித் தூக்கம் வீண்.

பத்தமடை பேரன் | ஜூன் 19, காலை 7:40

கோபமில்லை. சாதாரணப் பாயில்தான் நான் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 21, மதியம் 2:25

இன்றைக்கு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் நடந்தது. மருத்துவச் செலவைத் திரும்பப் பெற ஒரு அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தோம். மருந்துக் கடை ரசீது கையால் எழுதியது, அந்தக் கடையில் பில் மெஷின் கிடையாது. அங்கே இருந்தவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் நாங்க பிடிச்ச போலி ரசீது எல்லாமே கையால எழுதினது. இதுவும் கையால எழுதினது" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆகவே" என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. சொல்லாமலே அது மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் முன்னால் என்றால் நான் வெட்கப்பட்டு எழுந்து வந்திருப்பேன். இன்றைக்குக் கேட்டேன்: "சார், கையால எழுதினதெல்லாம் போலியா?" அவர், "அப்படி நான் சொல்லலியே" என்றார். "அப்பம் இதை எப்படிப் போலின்னு சொல்லுதிய?" அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "போலின்னும் சொல்லலியே. சரி பார்க்கணும்" என்றார். மனு உள்ளே போயிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை | ஜூன் 21, இரவு 9:10

நான் லேப் டெக்னீசியன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்த அலுவலரைக் கும்முவதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். டெங்கு வந்தவர்களுக்குக் காய்ச்சல் வரும். இவருக்குக் காய்ச்சல். ஆகவே டெங்குவாக இருக்கலாம். எலும்புக்கூடு அதேதானே? இப்படி யோசிக்காவிட்டால் எங்கள் வேலையே நடக்காது. தப்பு தப்பு என்று சொல்லி அந்தப் பாதையை மூடிவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

பேட்டை டீச்சர் | ஜூன் 22, காலை 10:30

நீங்கள் "இருக்கலாம்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லில்தான் வித்தியாசம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பீர்ஸ் 1878இல் இதை மொச்சை விதைகளை வைத்து எழுதினார். இந்தப் பையில் உள்ள விதைகள் எல்லாம் வெள்ளை, மேஜைமேல் கிடக்கிற விதைகள் வெள்ளை, ஆகவே இவை இந்தப் பையிலிருந்து வந்தவை. எலும்புக்கூடு நம் சமாதானபுரம்தான். அவர் இதைக் குப்பையில் போடவில்லை, தனி வகையாக எடுத்து "கருதுகோள்" என்று வைத்தார். ஊகிப்பதற்கு இது வழி, முடிவுகட்ட வழியில்லை. நீங்கள் காய்ச்சலைப் பார்த்ததும் டெங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்களா?

ரத்தப் பரிசோதனை | ஜூன் 22, காலை 11:15

இல்லை. ஆரம்ப நாட்கள் என்றால் என்எஸ்1 என்ற டெங்கு சோதனை எடுக்கச் சொல்வார்கள். எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா எல்லாவற்றுக்கும் காய்ச்சல் வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த அலுவலரும் "சரி பார்க்கணும்" என்றுதானே சொன்னார்? அவரும் என் கட்சி.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 22, மதியம் 1:00

நான் கேட்டபிறகு சொன்னார். கேட்பதற்கு முன்னால் அவர் முகம் சொன்னது வேறு. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் கையால் எழுதிய ரசீதைத்தான் முதலில் எடுத்துத் தனியாக வைப்பேன். எடுத்து வைக்கலாம், சீல் குத்தக்கூடாது. இதில் எனக்கு அரை மனசுதான்.

ஜெராக்ஸ்காரர் மகள் | ஜூன் 23, இரவு 9:48

அப்பா ஐடியிலிருந்து எழுதாமல் நானே கணக்குத் தொடங்கி வந்திருக்கிறேன். டீச்சரிடம் ஒரு சந்தேகம்.

எங்கள் பேட்ச்சில் 40 பேர். அதில் 26 பேர் காலை வகுப்புக்கும் வருகிறார்கள். 23 பேர் குரூப் 4 தேர்வும் எழுதுகிறார்கள். நடுப்பதம் "எங்கள் பேட்ச்". எந்த வரியிலும் பேட்ச் முழுவதையும் பிடிக்கவில்லை, "பேட்ச்சில் பெரும்பாலானவர்கள்" என்றுதான் இருக்கிறது. விதிப்படி ஒன்றும் வரக்கூடாது. ஆனால் 26ஐயும் 23ஐயும் கூட்டினால் 49. ஆள் 40தான். குறைந்தது 9 பேர் இரண்டிலும் இருந்தே ஆகவேண்டும். ஆகவே "காலை வகுப்புக்கு வருகிற சிலர் குரூப் 4 எழுதுகிறார்கள்" என்பது கட்டாயம் வருகிறது. அப்போது விதி தோற்றுவிட்டதா?

பேட்டை டீச்சர் | ஜூன் 24, காலை 9:20

கண்ணு, நல்ல கேள்வி கேட்டாய். விதி தோற்கவில்லை, அது தன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பழைய தர்க்கத்துக்குத் தெரிந்தது "எல்லாம்", "சில", "ஒன்றுமில்லை", "சில இல்லை" என்ற நான்கு அளவுதான். "பாதிக்கு மேல்" என்ற அளவு அதில் இல்லை. உன் அப்பாவின் ஆத்தங்கரையில் 100 படித்துறை இருப்பதாக வை. அப்பாவின் ஆட்கள் 60 துறையில், மாமாவின் ஆட்கள் 55 துறையில். குறைந்தது 15 துறையில் முட்டிக்கொள்வார்கள். யாரும் கரை முழுவதையும் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒதுங்க இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. இது வேலை செய்வது "பேட்ச்சில் பாதிக்கு மேல்" என்று பேட்ச்சை எண்ணும்போது. "காலை வகுப்புக்காரர்களில் பாதிக்கு மேல் எங்கள் பேட்ச்" என்று திருப்பி எண்ணினால் ஒன்றும் வராது. எதில் பாதி என்பதைப் பார்.

வடக்கு ரத வீதி | ஜூன் 24, காலை 9:55

தங்கச்சி என்னைவிட முன்னாடி பாஸ் பண்ணிவிடும் போலிருக்கிறது.

ஜெராக்ஸ்காரர் | ஜூன் 27, இரவு 11:20

தெருவில் ஒரு சண்டை, நம் இழைக்குத் தோதானது. கோயில் அன்னதானத்துக்கு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் வாங்கியவர்கள் எல்லாரும் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தெரு வாட்ஸாப் குரூப்பில் ஒருத்தர், "நம்ம தெருக்காரங்க எல்லாரும் நோட்டில் இல்லை" என்று எழுதினார். ஒரு கூட்டம் "அப்போ நமக்கு ஒருத்தருக்கும் டோக்கன் கிடைக்கலியா" என்று கொதித்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி, "எனக்குக் கிடைச்சுதே, எல்லாருக்கும்தான் கிடைக்கலன்னு அர்த்தம்" என்றார்.

"எல்லாரும் இல்லை" என்றால் ஒருத்தருமே இல்லை என்றா, சிலர் இல்லை என்றா? "இன்னும் எல்லாரும் வரல" என்றால் சிலர் வந்திருக்கிறார்கள். "எங்க வீட்ல எல்லாரும் கறி சாப்பிடறதில்ல" என்றால் யாருமே சாப்பிடுவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இங்கே நடுப்பதம் "நோட்டில் இருப்பவர்". அது பிடிபடுகிறதா, இல்லையா?

பேட்டை டீச்சர் | ஜூன் 28, காலை 8:10

எப்படிப் படித்தாலும் நடுப்பதம் முழுசாகப் பிடிபடுகிறது. "இல்லை" என்று முடிந்துவிட்டதே, நோட்டை முழுக்கப் புரட்டாமல் அப்படிச் சொல்ல முடியாது. மாறுவது முடிவின் அளவு. முதல் அர்த்தத்தில் "தெருக்காரர் யாருக்கும் டோக்கன் இல்லை". இரண்டாவதில் "தெருக்காரர் சிலருக்காவது டோக்கன் இல்லை". இரண்டும் அததன் அளவில் சரியாக வருகிறது. எது அவர் மனசில் இருந்தது என்பது தர்க்கத்தின் வேலையில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்று. மணிமேகலை 29ஆம் காதையில் ஏதுப்போலிகளின், அதாவது காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றின், பட்டியல் வருகிறது. அதில் "சாதாரணம்" என்று ஒன்று. சத்தம் அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவர் சொல்கிறார். அழிகிற குடமும் அறியப்படுகிறது, அழியாத ஆகாயமும் அறியப்படுகிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அடையாளத்தை வைத்து ஒரு பக்கம் சாய முடியாது என்கிறது. உங்கள் ரசீது கதையில் "கையால் எழுதியது" அப்படிப்பட்ட அடையாளம்தானே தம்பி?

கால்வாய்க்கரை | ஜூன் 28, காலை 8:45

"எங்க வீட்ல எல்லாரும்" என்பதை நான் சிலர் சாப்பிடுகிறார்கள் என்றுதான் படித்தேன். டீச்சர் நழுவிவிட்டார், ஒரு அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம். தொல்லை இல்லாமல் எழுத "ஒருத்தரும் இல்லை" என்று எழுதத் தமிழில் வசதி இருக்கிறதே.

ஜெராக்ஸ்காரர் | ஜூலை 2, மாலை 6:30

அலுவலகத்திலிருந்து மருந்துக் கடைக்குப் போன் போயிருக்கிறது. கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் காட்டச் சம்மதித்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. மகளுக்கு நேற்று அதே கோச்சிங் சென்டரில் அடுத்த தாள், சமாதானபுரத்துக்குப் பதில் மேலப்பாளையம் போட்டிருந்தார்களாம். "அப்பா, இதுக்கும் சரின்னு டிக் அடிப்பியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எண்பது பிரதியும் என் கடையில்தான் எடுத்தார்கள். விடைக்குறிப்பைப் பார்க்காமலே கட்டிக் கொடுத்தேன்.